நிச்சயதார்த்த மோதிரம்: சிக்கனமாகத் தேர்ந்தெடுத்தல்

நிச்சயதார்த்த மோதிரம் என்பது திருமணம் உறுதியானதன் அடையாளமாக மணமக்கள் ஒருவருக்கொருவர் அணிவிக்கும் மோதிரம். தமிழ்நாட்டில் நிச்சய தாம்பூலத்தின் உயிர் தட்டு மாற்றுவதிலும் பெண்ணுக்குப் புடவை கொடுப்பதிலும்தான் இருக்கிறது. மோதிரம் இல்லாமல் நிச்சயம் நின்றுபோவதில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் நெடுநாளாக உள்ள மோதிரம் மாற்றும் வழக்கம் இன்று மற்ற வீடுகளிலும் பரவிவிட்டது. ஆனால் அன்பின் அடையாளமாக மோதிரம் அனுப்புவது நமக்குப் புதிதல்ல. அனுமன் கையில் இராமன் கொடுத்தனுப்பிய கணையாழியை அறியாதவர் இல்லை. வைர மோதிரம்தான் வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வெளியிலிருந்து வந்தது. டி பீர்ஸ் நிறுவனத்துக்காக 1947இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு விளம்பர வாசகத்துக்கு அதில் பெரும் பங்குண்டு.

குறைந்த பணத்தில் மோதிரம் வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கொடுக்கும் பணத்தில் எவ்வளவு தங்கமாக நிற்கிறது, எவ்வளவு கரைந்துபோகிறது என்பதுதான். கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரைப் பவுன், அதாவது 4 கிராம் மோதிரத்தில் தங்கத்தின் விலை 40,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 4,800. இரண்டையும் கூட்டிய 44,800 ரூபாய்க்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 1,344. ஆக 46,144 ரூபாய். நாளைக்கே விற்றாலும் திரும்பி வருவது அதிகபட்சம் அந்த 40,000தான். ஆறாயிரத்துச் சொச்சம் கடை வாசலிலேயே போய்விடுகிறது.

சேதாரம் என்பது பத்தர் பட்டறையில் அறுக்கும்போதும் ராவும்போதும் பொடியாகப் போகும் தங்கத்துக்கான ஈடாக வந்த சொல். இன்று பெரும்பாலான மோதிரங்கள் அச்சில் வார்க்கப்படுகின்றன, உதிரும் பொடியும் சேகரித்து உருக்கப்படுகிறது. ஆகவே இப்போதைய சேதாரம் பெரும்பாலும் கடையின் லாபமும் வேலைக் கூலியும்தான். அன்றைய தங்க விலையில் பேரம் பேச இடமில்லை, சேதாரத்தில் உண்டு. வேலைப்பாடு இல்லாத வழவழப்பான வளைய மோதிரத்துக்குச் சேதாரம் குறைவு. பூவேலை, கம்பி வேலை கூடக்கூட அதுவும் ஏறும்.

அடுத்த வழி காரட்டைக் குறைப்பது. அதே அளவு, அதே தடிமனில் 18 காரட் மோதிரம் செய்தால் இரண்டு விதத்தில் செலவு குறைகிறது. கிராம் விலை ஏறக்குறைய 8,180 ஆகிறது. செம்பும் வெள்ளியும் தங்கத்தைவிட இலேசானவை என்பதால், 4 கிராம் வந்த மோதிரம் சுமார் மூன்றரை கிராம்தான் நிறுக்கும். மேலே சொன்ன அதே சேதாரமும் வரியும் சேர்த்தாலும் ஏறத்தாழ 33,000 ரூபாயில் முடிந்துவிடும். நிறம் சற்று வெளுத்திருக்கும். உறுதி கூடுதல் என்பதால் கல் பதிக்க இதுவே ஏற்றது. விற்கும்போது சில கடைகள் 18 காரட்டை எடுக்கத் தயங்குவதுண்டு. விற்கும் எண்ணமே இல்லாத நிச்சய மோதிரத்துக்கு இது பெரிய குறையல்ல என்பது என் கருத்து.

எடையைக் குறைத்து வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. தங்க நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயம் என்றாலும், 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விதிவிலக்கு உண்டு. பாதுகாப்பு மிகவும் தேவைப்படுகிற சிறு வருமானக்காரர்தான் பெரும்பாலும் ஒன்றரை கிராம் மோதிரத்தைத் தேடுகிறார். அந்த இடத்தில்தான் முத்திரை கட்டாயமில்லை. 2 கிராமைத் தாண்டி வாங்குவது நல்லது. முடியாவிட்டால் முத்திரை உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். மோதிரத்தின் உட்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூன்று குறிகள் தெரியும்: பி.ஐ.எஸ். முக்கோணச் சின்னம், தூய்மை எண் (22 காரட்டுக்கு 916, 18 காரட்டுக்கு 750), எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி. 2023 ஏப்ரல் முதல் இந்தக் குறி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. BIS Care செயலியில் அதைத் தட்டினால் நகையின் வகையும் தூய்மையும் வரும். கையிலிருப்பது மோதிரம், திரையில் வருவது கம்மல் என்றால் அந்தக் கடையை விட்டு வந்துவிடலாம்.

கல் வைத்த மோதிரத்தில் ஏமாற்றம் எடையில் நடக்கும். மொத்த எடை 4.2 கிராம், அதில் கல் 0.3 கிராம் என்றால் தங்கம் 3.9தான். கல்லையும் சேர்த்துத் தங்க விலை போட்டால் 3,000 ரூபாய் கூடுதலாகப் போகும், சேதாரமும் அதன்மேல் ஏறும். கல்லுக்குத் தனி விலையும் வாங்குவார்கள், திரும்ப எடுக்கும்போது அதற்கு ஒன்றும் தரமாட்டார்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் சுரங்க வைரத்தைப் போலவே கரிமம்தான். கடினத்திலும் மினுமினுப்பிலும் வேறுபாடில்லை. விலை மிகக் குறைவு, மறுவிற்பனை மதிப்பும் மிகக் குறைவு. அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் கல் அதைவிட மலிவு. தினமும் அணிந்தால் கீறல் விழுந்து சில ஆண்டுகளில் மங்கும். எந்தக் கல்லானாலும் நகம்போல் நீண்ட கம்பிகள் பிடித்திருக்கும் கட்டு புடவை நூலில் மாட்டும், கம்பி விரிந்தால் கல் உதிரும். தங்கத் தகடு கல்லைச் சுற்றி மடிந்திருக்கும் கட்டே வீட்டு வேலை செய்யும் கைக்கு உகந்தது.

பொருள் பொதிந்த மாற்று வேண்டுமென்றால் பாட்டியின் பழைய தோடு போன்ற ஒன்றை மோதிரமாக்குவதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. 3 கிராம் தோடு உருக்கியபின் 2.9 கிராம் நிற்கிறது, சோதனையில் 20 காரட் என்று வருகிறது என்போம். அது 22 காரட் கணக்கில் 2.64 கிராம், அதாவது 26,400 ரூபாய். 3 கிராமில் புது மோதிரம் எடுத்தால் சேதாரமும் வரியும் சேர்ந்து 34,600 ஆகும். கையிலிருந்து கொடுக்க வேண்டியது 8,200 ரூபாய்தான். ஆனால் கடையில் மாற்றினால் பாட்டியின் தங்கம் உருக்காலைக்குப் போய்விடும், கைக்கு வருவது வேறு தங்கம். அதே தங்கம் விரலில் ஏற வேண்டுமென்றால் தெரிந்த பத்தரிடம் கொடுத்து, கண்ணெதிரே உருக்கி, உருக்கும் முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். பழைய பற்றுவைப்பும் உருகிக் கலப்பதால் தூய்மை சற்றுக் குறையும். அதற்குச் சம்மதித்தே இந்த வழிக்குப் போக வேண்டும். தங்கமே எட்டாதவர்களுக்கு 925 வெள்ளி மோதிரம் கௌரவமான தேர்வு. கறுக்கும், துடைத்தால் பளிச்சிடும்.

விரல் அளவை மாலையில் எடுக்க வேண்டும், காலையில் விரல் சற்று மெலிந்திருக்கும். மோதிரம் கணுவைச் சிறிது தடையோடு கடந்தால் சரியான அளவு. வழவழப்பான வளையத்தைப் பின்னாளில் ஓரிரு அளவு கூட்டிக் குறைக்கலாம். சுற்றிலும் கல் பதித்ததை மாற்றுவது கடினம்.

ஹால்மார்க் நகையில் குறித்த தூய்மை இல்லையென்று சோதனையில் தெரிந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப்போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் பெற வாங்கியவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்குச் சாட்சி பில்தான். நிகர எடை, காரட், கல் எடை, சேதாரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக எழுதப்படாத பில்லோடு மோதிரத்தை வாங்கி வராதீர்கள்.