எழுபதைத் தாண்டினால் விற்பதா? ஆர்.எஸ்.ஐ. குறியீட்டின் கணக்கும் வரலாறும்

இயந்திரப் பொறியியல் படித்தவரான அமெரிக்கர் வெல்ஸ் வைல்டர், 1978இல் வெளியிட்ட தமது நூலில் ஆர்.எஸ்.ஐ. குறியீட்டை விரிவாக விளக்கினார். சரக்குச் சந்தை வணிகர்கள் அன்று வேகத்தை அளந்த முறை எளிமையானது. இன்றைய விலையிலிருந்து பத்து நாளுக்கு முந்தைய விலையைக் கழிப்பார்கள். பத்து நாளுக்கு முன் விலை திடீரென விழுந்திருந்தால், இன்று விலை அசையாவிட்டாலும் கோடு துள்ளும். மேலும் இந்த அளவுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை எதுவும் கிடையாது. அதனால் கோதுமையின் வேகத்தையும் தங்கத்தின் வேகத்தையும் ஒப்பிட வழியில்லை. வைல்டர் தீர்க்க முயன்றவற்றில் இந்த இரண்டு சிக்கல்களும் அடங்கும். ஒரு சரக்கு மலிவா, விலை மிஞ்சியதா என்று சொல்லும் கருவியை அவர் தேடவில்லை. எழுபதைத் தாண்டினால் விற்க வேண்டும் என்று பிற்காலத்தில் எழுந்த குழப்பத்தின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அவர் கணக்கு இப்படிப் போகும். முதல் 14 நாள்களின் ஏற்றங்களைக் கூட்டி 14ஆல் வகுத்தால் சராசரி ஏற்றம். இறக்கங்களைக் கூட்டி 14ஆல் வகுத்தால் சராசரி இறக்கம். அதன்பின் ஒவ்வொரு நாளும் நேற்றைய சராசரியை 13ஆல் பெருக்கி, இன்றைய ஏற்றத்தையோ இறக்கத்தையோ சேர்த்து, 14ஆல் வகுக்க வேண்டும். கையால் கணக்குப் போட்ட காலத்தில் பழைய விலைப் பட்டியலைப் புரட்டாமல் நேற்றைய இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்பது இதன் பெரிய வசதி. சராசரி ஏற்றத்தைச் சராசரி இறக்கத்தால் வகுத்து வருவது RS. பிறகு சூத்திரம்:

```
RSI = 100 - 100 / (1 + RS)
```

சுருக்கிப் பார்த்தால், மொத்த அசைவில் ஏற்றத்தின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்பதே ஆர்.எஸ்.ஐ. ஒரு நிறுவனப் பங்கின் சராசரி ஏற்றம் 7 ரூபாய், சராசரி இறக்கம் 3 ரூபாய் என்றால் மொத்தம் பத்தில் ஏழு பங்கு; ஆர்.எஸ்.ஐ. 70.

இந்த நிறுவனப் பங்கின் விலை நாளை அசையவே இல்லை என்று கொள்வோம். இரண்டு சராசரிகளும் ஒரே விகிதத்தில் சுருங்கும்; ஆர்.எஸ்.ஐ. 70இலேயே நிற்கும். நாளை முதல் தினமும் ஒரே ஒரு ரூபாய் ஏறுகிறது என்று கொள்வோம். முன்பு சராசரியாக 7 ரூபாய் ஏறியதோடு ஒப்பிட்டால் வேகம் வெகுவாகத் தணிந்துவிட்டது. ஆனால் இறக்கமே இல்லாததால் சராசரி இறக்கம் அதைவிட விரைவாகத் தேய்கிறது. பதினான்காம் நாளில் சராசரி ஏற்றம் சுமார் 3.13, சராசரி இறக்கம் 1.06, ஆர்.எஸ்.ஐ. ஏறக்குறைய 74.6. மெல்ல ஊர்ந்து ஏறும் பங்குகூட ‘ஓவர்பாட்’ ஆகிவிடுகிறது. எனவே 70க்கு மேல் இருப்பது, அண்மை நாள்களில் ஏற்றம் இறக்கத்தைவிட ஓங்கியிருந்தது என்ற செய்தியை மட்டுமே தருகிறது. விலை நியாயமானதா, வாங்குபவர்கள் தீர்ந்துவிட்டார்களா என்ற கேள்விகளுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

1995ஆம் ஆண்டின் அமெரிக்க எஸ் அண்ட் பி 500 இதற்குத் தெளிவான சான்று. 459 புள்ளியில் தொடங்கிய அந்தக் குறியீட்டெண் 616இல் முடிந்தது. ஏற்றம் 34 சதவீதம். அந்த ஆண்டில் 14 நாள் ஆர்.எஸ்.ஐ. பலமுறை 70ஐக் கடந்தது. ஆனால் முடிவு விலைக் கணக்கில் உச்சத்திலிருந்து கண்ட மிகப் பெரிய இறக்கமே சுமார் 2.5 சதவீதம்தான். ஆண்டின் முற்பகுதியிலேயே 70ஐப் பார்த்து விற்றுவிட்டு ஒதுங்கியவர் அந்த ஆண்டின் ஏற்றத்தில் பெரும்பகுதியை இழந்தார்.

பக்கவாட்டில் நகரும் சந்தையில் 70இல் விற்று 30இல் வாங்குவது பலன் தருகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே பலன் தருவது சந்தை பக்கவாட்டில் இருக்கிறது என்ற அறிவு. அந்த அறிவை ஆர்.எஸ்.ஐ.யின் 70 என்ற எண் தருவதில்லை. போக்கின் வலிமையை அளக்க ஏ.டி.எக்ஸ். என்ற தனிக் கருவியை வைல்டர் அதே நூலில் கொடுத்ததற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? எல்லையை 80க்கு உயர்த்திவிடலாம் என்பது இன்னொரு வாதம். மேலே சொன்ன பங்கு அதே ஒரு ரூபாய் ஏற்றத்தை 28 நாள் தொடர்ந்தால் 82ஐத் தொட்டுவிடும். எல்லையை நகர்த்துவது தவறான சமிக்ஞையைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது.

வைல்டரே 70ஐத் தொட்டதும் விற்கச் சொல்லவில்லை. உச்சங்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியில் அமைகின்றன என்றார். திருப்பத்துக்கு வலுவான அடையாளமாக அவர் காட்டியது வேறு. ஆர்.எஸ்.ஐ. 70க்கு மேல் போய் இறங்க வேண்டும். மறுபடி ஏறி முந்தைய உச்சத்தை எட்டாமல் திரும்ப வேண்டும். பிறகு இடையில் கண்ட பள்ளத்தையும் உடைக்க வேண்டும். பின்வந்த ஆண்ட்ரூ கார்ட்வெல், கான்ஸ்டன்ஸ் பிரவுன் ஆகியோர் ஒரு படி மேலே போனார்கள். காளைச் சந்தையில் ஆர்.எஸ்.ஐ. ஏறத்தாழ 40க்கும் 80 அல்லது 90க்கும் இடையில் உலவும், கரடிச் சந்தையில் 60ஐத் தாண்டவே திணறும் என்று காட்டினார்கள். இந்த வாசிப்பில் 70க்கு மேல் போவது ஏற்றப் போக்கின் வலிமைக்குச் சான்று. ஏற்றப் போக்கில் பங்கை வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டியது ஆர்.எஸ்.ஐ. 70ஐக் கடக்கும்போது அல்ல; திருத்தத்தின்போது அது 40ஐ உடைத்து, அடுத்த ஏற்றத்தில் 60ஐத் தாண்ட முடியாமல் திரும்பும்போதுதான்.