இழுக்காதபோதும் சிகரெட் என்ன செய்கிறது?

சிராங்கூன் ரோட்டில் உங்கள் நண்பர் சிகரெட்டைக் கையில் வைத்தபடி பேசிக்கொண்டிருக்கிறார். "இழுக்கவே இல்லையே, சும்மாதானே எரியுது?" என்கிறார். ஆனால் அந்த நேரத்தில் வருவது வேறு வகைப் புகை.

இழுக்கும்போது

முனைக்குள் காற்று வேகமாகப் பாய்கிறது. வெப்பம் சுமார் 900 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் சயனைடு அதிகம் உருவாகிறது.

உயிர்வாயு தீர்ந்துபோன சூடான வாயு, நெருப்புக்குப் பின்னால் உள்ள புகையிலைக்குள் நுழைகிறது. அங்கு வெப்பம் 200 முதல் 600 டிகிரி வரை. அங்கே புகையிலை எரிவதில்லை, வெந்து சிதைகிறது. நிக்கோட்டினும் தாரும் ஆவியாகி, குளிர்ந்து, நுண்துளிகளாக நுரையீரலுக்குப் போகின்றன.

இழுக்காதபோது

முனைக்குக் கிடைக்கும் காற்று குறைவு. வெப்பமும் குறைகிறது. புகையிலை அரைகுறையாகக் கனன்றுகொண்டே இருக்கிறது.

இந்தப் புகை ஃபில்டர் வழியாகப் போவதில்லை; நேராகக் காற்றில் கலக்கிறது. ஒரு சிகரெட்டைக் கணக்கிட்டால், புகைப்பவர் இழுக்கும் புகையைவிட இதில் கார்பன் மோனாக்சைடு அதிகம். அமோனியாவோ பல மடங்கு அதிகம். புற்றுநோயை உண்டாக்கும் சில நைட்ரோசமைன்களும் கூடுதல்.

எவ்வளவு நேரம்?

ஆய்வகங்களில் வழக்கமான சோதனை இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை, 2 விநாடி மட்டுமே இழுக்கும். மீதி 58 விநாடியும் சிகரெட் தானாகக் கனல்கிறது.

அந்த 58 விநாடிப் புகைதான் பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு வருகிறது. சிங்கப்பூரில் பேருந்து நிறுத்தத்திலிருந்து 5 மீட்டருக்குள் புகைக்க 2013 முதல் தடை. நண்பர் இழுக்காமல் கையில் வைத்திருந்தாலும், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.