பங்கு விலை அலைவு மதிப்பீட்டில் உச்ச, நீச்ச விலைகளின் இடம்: பார்க்கின்சன் முறை

1973ஆம் ஆண்டு பிளாக், ஷோல்ஸ் ஆகியோரின் விருப்பத்தேர்வு விலைச் சூத்திரம் வெளியானபின், விலை அலைவை அளப்பது நிதியியலின் நடைமுறைச் சிக்கலாயிற்று. அச்சூத்திரம் வேண்டும் உள்ளீடுகளுள் சந்தையில் நேரடியாகக் காண இயலாதது அலைவு ஒன்றே. அதனை அடுத்தடுத்த நாள்களின் இறுதி விலைகளைக் கொண்டு கணிப்பதே வழக்கமாக இருந்தது. நாளிதழ்களோ இறுதி விலையுடன் அன்றைய உச்ச, நீச்ச விலைகளையும் அச்சிட்டு வந்தன. கையில் இருந்த தரவில் ஒரு பகுதி பயன்படாமலே கிடந்தது எனலாம்.

அப்பகுதியைப் பயன்படுத்தும் வழியை மைக்கேல் பார்க்கின்சன் 1980இல் 'ஜர்னல் ஆஃப் பிசினஸ்' இதழில் முன்வைத்தார். தற்போக்காக அலையும் ஒன்றன் வீச்சு எவ்வாறு பரவும் என்பதை வில்லியம் ஃபெல்லர் 1951இலேயே நிறுவியிருந்தார். அதன்படி, மடக்கை அளவிலான வீச்சினது வர்க்கத்தின் சராசரி, உண்மையான விலக்க வர்க்கச் சராசரியைப்போல் 4 ln 2 மடங்கு, அதாவது ஏறத்தாழ 2.77 மடங்கு ஆகும். எனவே ஒரு நாளுக்கான மதிப்பீடு பின்வருமாறு அமைகிறது:

```
σ² = (ln(H/L))² / (4 ln 2)
```

இதில் H உச்ச விலை, L நீச்ச விலை.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு பங்கு 100 ரூபாயில் தொடங்கி, 104 வரை ஏறி, 98க்கு இறங்கி, மீண்டும் 100இல் முடிகிறது. முந்தைய நாளின் இறுதி விலையும் 100 எனில், இறுதி விலை முறை அன்றைய அலைவைச் சுழி என்றே காட்டும். வீச்சு முறையிலோ ln(104/98) = 0.0594, அதன் வர்க்கத்தை 2.77ஆல் வகுத்து மூலம் கண்டால் 3.6 விழுக்காடு கிடைக்கிறது. நாள் முழுதும் விலை சென்ற தடத்தின் சுவடு வீச்சில் எஞ்சியிருப்பதே இதற்குக் காரணம். இறுதி விலை அத்தடத்தின் முனைப்புள்ளி மட்டுமே.

ஒரு நாள் மதிப்பீட்டின் சார்பு விலக்க வர்க்கச் சராசரி இறுதி விலை முறையில் 2. வீச்சு முறையில் ஏறத்தாழ 0.41. ஆகவே திறன் ஏறக்குறைய 5 மடங்கு மிகுகிறது. 20 நாள் தரவில் முன்னதன் சார்புத் திட்டப் பிழை 32 விழுக்காடு, பின்னதன் பிழை 14 விழுக்காடு. இது எளிதில் புறக்கணிக்கத்தக்க வேறுபாடு அன்று.

எனினும் இத்திறன், விலை இடைவிடாது இயங்குகிறது, அதற்குப் போக்கு இல்லை என்னும் எடுகோள்களைச் சார்ந்தது. வணிகம் அரிதாக நிகழும் பங்கில் உண்மையான உச்சமும் நீச்சமும் பதிவாவதில்லை. எனவே வீச்சு குறுகி, மதிப்பீடு தாழ்கிறது. அதே இதழில் எழுதிய கார்மன், கிளாஸ் இருவரும் இக்குறையைச் சுட்டியுள்ளனர். நீண்ட காலத் தரவில் தொடக்க விலை முதல் இறுதி விலை வரையிலான மாற்றங்களின் அலைவைவிட வீச்சு மதிப்பீடு தொடர்ந்து குறைவாக இருப்பின் இப்பிழையை ஐயுறலாம். இரவில் சந்தை மூடியிருக்கும்போது நேரும் விலைத்தாவலையும் இம்முறை காண்பதில்லை. அதனைத் தனியே கணித்துக் கூட்ட வேண்டும். விலை ஒரே திசையில் செல்லும் காலத்தில் வீச்சு மிகைப்படும் சிக்கலுக்கு ரோஜர்ஸ், சாட்செல் ஆகியோர் 1991இல் வேறொரு சூத்திரம் தந்தனர்.