இடமாற்றக் கடிதம்

அரச உத்தியோகத்தரை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் எழுத்துமூலக் கட்டளை. இலங்கையின் இணைந்த சேவைகளில் வருடாந்த இடமாற்றம் வழமையாக ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும்.

நல்லூர் பிரதேச செயலகத்தின் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் ஒருவர் நெடுந்தீவுக்கு மாற்றப்படுகிறார் என்று கொள்வோம். கடிதம் திகதியைக் குறிப்பிட்டு, நெடுந்தீவு பிரதேச செயலாளரிடம் கடமையேற்குமாறு பணிக்கும். அன்றிலிருந்து லீவு அனுமதியும் மேற்பார்வையும் அந்தச் செயலாளருடையவை. பழைய மேசையில் கோவைகள், அலுமாரிச் சாவி, பொறுப்பிலுள்ள பொருட்கள் யாவும் பட்டியலிடப்பட்டு, கொடுப்பவரும் எடுப்பவரும் ஒப்பமிட வேண்டும். முடியாத வேலைகளைத் தனியே எழுதிவைப்பது நல்லது. பின்னாளில் கணக்காய்வு வினா வந்தால் கைகொடுப்பது அந்தத் தாள்தான்.

சிக்கல் பெரும்பாலும் விடுவிப்பில்தான். பதிலாள் வராததால் பழைய அலுவலகம் ஆளை விடத் தயங்கும். குறிகட்டுவானிலிருந்து படகேற வேண்டிய தீவுக்குப் போக மனமில்லாதவர்கள் மேன்முறையீடும் செய்வார்கள். ஆகவே கடிதத்திலுள்ள திகதியை மட்டும் நம்பக் கூடாது. விடுவிப்புக் கடிதத்தின் திகதியையும் பார்க்க வேண்டும். இறுதிச் சம்பளச் சான்றிதழ் பழைய அலுவலகத்திலிருந்து போய்ச் சேராவிட்டால் புதிய இடத்தில் சம்பளம் தாமதமாகும்.