15 அடி அகல மனையில் வீடு: பிளான் போடும்போது கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு பார்த்தீங்களா?

நெல்லை டவுனில் ரத வீதிகளை ஒட்டிய தெருக்களில் நடந்தா ஒரு விஷயம் கண்ணில் படும். வீட்டு முகப்பு பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும், உள்ளே போனா வீடு நீண்டுக்கிட்டே போகும். கல்லிடைக்குறிச்சி மாதிரி தாமிரபரணிக் கரை ஊர்களின் அக்ரஹாரத் தெருக்களிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய, ஒடுங்கிய, நீளமான மனைகள்.

இப்படி ஒரு மனையில் பழைய வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டுறவங்க எத்தனை ரூம், சமையலறை எங்கே, வாஸ்து எப்படின்னு எல்லாம் பேசுவாங்க. கதவைப் பத்தி மட்டும் கடைசியில்தான் பேச்சு வரும். அதுவும் பெரும்பாலும் கொத்தனார் வாசக்கால் நிறுத்துற அன்னைக்கு, "எந்தப் பக்கம் திறக்கணும்?"னு கேட்கும்போதுதான். அப்போ முடிவெடுத்தா தாமதம். மர வாசக்காலில் கதவு உட்காருற பள்ளத்தை ஆசாரி ஏற்கெனவே ஒரு பக்கமா வெட்டியிருப்பார். உள்பக்கம் திறக்கிற மாதிரி வெட்டின வாசக்காலை அப்புறம் வெளிப்பக்கம் திறக்க வைக்கணும்னா, மரத்தையே கழற்றி மாத்த வேண்டியிருக்கும்.

பிளான் அனுமதி வாங்கும்போது யாராவது சொல்லிடுவாங்கன்னு நினைக்கவும் முடியாது. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்று திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடியா அனுமதி கிடைக்குது. அதில் பார்க்கிறது மனை, பரப்பு, உயரம், சுற்றி விடுற இடம். உங்க பெட்ரூம் கதவு கட்டிலில் இடிக்குமான்னு அதில் யாரும் பார்க்கப் போறதில்லை.

கதவு கோடு இல்ல, கால் வட்டம்

வீட்டு பிளானில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு போட்டிருப்பாங்களே, அது அழகுக்கு இல்ல. கீல் இருக்கிற முனையை மையமா வெச்சு, கதவின் அகலத்தை ஆரமா எடுத்து வரைஞ்ச கால் வட்டம் அது. அந்தக் கால் வட்டத்துக்குள்ளே எந்தப் பொருளும் இருக்கக் கூடாது.

3 அடி வாசக்காலில் பலகை சுமார் 2 அடி 8 அங்குலம் வரும். அது திறந்து மூட ஏறக்குறைய ஐந்தரை சதுர அடி தரை வேணும். பெரிய வீட்டில் இது ஒரு கணக்கே இல்ல. 100 சதுர அடி ரூமில், ஒரு பீரோ நிற்கிற இடத்தை விட இது அதிகம்.

ஒரு மனையை வரைஞ்சு பார்ப்போம்

15 அடி அகலம், 50 அடி நீளம், கிழக்கே தெரு. பக்கவாட்டில் இடம் விடாம சுவரோடு சுவரா கட்ட அனுமதி உள்ள, தொடர் கட்டடப் பகுதின்னு அறிவிக்கப்பட்ட தெருவில் இருக்குன்னு வெச்சுக்கலாம். உங்க தெரு அதில் வருதா, முன்னாடி எவ்வளவு விடணும்னு மாநகராட்சியில் முதலில் கேட்டுக்கோங்க. பக்கத்தில் ஒரு மீட்டர் விட வேண்டி வந்தாலே இந்த பிளான் முழுசும் மாறிடும். மாடிப்படியை இந்தக் கணக்கில் சேர்க்கல, அது தனிக் கதை.

ஒரு கட்டத்துக்கு ஒரு அடின்னு கிராஃப் தாளில் 15-க்கு 50 கட்டம் வரைங்க. முன்னும் பின்னும் 5 அடி விட்டா கட்டடம் 40 அடி. இப்போ சுவரை ஒற்றைக் கோடா போடாம, கனத்தோட இரட்டைக் கோடா போடணும். ரெண்டு பக்கமும் 9 அங்குலச் சுவர் போனா, 15 அடி மனையில் உள்ளே கிடைக்கிற அகலம் பதிமூன்றரை அடிதான். ஒற்றைக் கோட்டில் பிளான் போடுறவங்களுக்கு இந்த ஒன்றரை அடி கடைசி வரைக்கும் தெரியாது. வீடு கட்டி முடிச்ச பிறகு கட்டிலை நகர்த்தும்போதுதான் தெரியும்.

உள்ளே தெற்குச் சுவரை ஒட்டி 3 அடி நடை. தெருப் பக்கம் ஹால், 11 அடி நீளம். அதுக்குப் பின்னாடி நடையை ஒட்டி 10-க்கு 10 பெட்ரூம். அடுத்து 5 அடிக்கு 6¼ அடியில் டாய்லெட்டோடு சேர்ந்த பாத்ரூம், அதன் வடக்கே வானம் பார்த்த சின்ன முற்றம். கடைசியில் வீட்டின் முழு அகலத்துக்கும் சமையலறை, அதிலிருந்து பின்வாசல். பக்கச் சுவர் ரெண்டிலும் ஜன்னல் வைக்க முடியாத வீட்டில் நடுவில் இருக்கிற அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் இந்த முற்றத்தில் இருந்துதான் வரணும். "அதையும் மூடி ஸ்டோர் ரூம் ஆக்கிடலாமே"ன்னு வீட்டில் யாராவது கண்டிப்பா சொல்வாங்க. விட்டுடாதீங்க.

சமையலறை தென்கிழக்கில் வரணும்னு வாஸ்து கேட்கிறவங்களுக்கு இந்த மனையில் ஒரு சிக்கல் இருக்கு. தென்கிழக்கு மூலைன்னா தெருவாசல் பக்கம். வாசல், நடை, அடுப்பு மூணும் அந்த ஒரே மூலைக்குப் போட்டி போடும். எதை விடுறதுன்னு குடும்பமா முடிவு பண்ணிக்கணும்.

தலைவாசல் எங்கே வைக்கணும்?

ஹாலுக்கு நடுவில் வைக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனா நடை தெற்கு ஓரத்தில் போகுது. வாசல் நடுவிலோ வடக்கிலோ இருந்தா, வீட்டுக்குள் வர்ற எல்லாரும் ஹாலைக் குறுக்கே வெட்டித்தான் போகணும். சோபா போடுற இடம் ரெண்டா உடைஞ்சிடும். வாசலையும் நடையையும் ஒரே நேர்க்கோட்டில் தெற்கு ஓரமா வெச்சா, நடமாட்டம் அந்த 3 அடிக்குள்ளேயே முடிஞ்சு, மீதிப் பத்து அடி அகலம் முழுசா ஹாலுக்குக் கிடைக்கும்.

தலைவாசல் கதவு வெளியே திறந்தா படியில் நிற்கிறவங்க மேல இடிக்கும், அதனால் உள்ளேதான் திறக்கணும். இதுக்குப் பழைய வீடுகளில் ஒரு நல்ல வழி இருந்தது. இரட்டைக் கதவு. 3 அடி 2 அங்குல ஒற்றைப் பலகை திறக்க கிட்டத்தட்ட 8 சதுர அடி தரை வேணும். அதையே ரெண்டு பாதியா பிரிச்சா, ரெண்டுக்கும் சேர்த்தே 4 சதுர அடி போதும். அகலம் அதேதான், தரை பாதிதான். அந்தக் காலத்துக் கனமான சுவரில், பாதிக் கதவைத் திறந்தா பெரும்பகுதி சுவரின் கனத்துக்குள்ளேயே ஒதுங்கிடும். ஒடுக்கமான வீட்டுக்கு ஒற்றைப் பலகை 'மெயின் டோர்' ஏன் இப்போ எல்லாரும் கேட்கிறாங்கன்னு எனக்குப் புரியல.

பெட்ரூம்: கட்டில், பீரோ, கதவு

கட்டிலையும் பீரோவையும் அதே அளவில் தாளில் வெட்டி வெச்சு நகர்த்திப் பாருங்க. 5-க்கு 6½ அடி கட்டிலை, தலை கிழக்கே வர்ற மாதிரி வடக்குச் சுவரை ஒட்டிப் போடலாம். பீரோ வடக்கு பார்க்கணும்னா தெற்குச் சுவரில் மேற்கு மூலைக்குப் போகும். அதே தெற்குச் சுவரில்தான் நடையில் இருந்து வர்ற கதவும் இருக்கு.

கதவை அந்தச் சுவரின் நடுவில் வெச்சு, கீலை பீரோ பக்கம் போட்டா என்ன ஆகும்? கதவு பாதி திறந்து ரூமுக்கு நடுவில் நிற்கும். பீரோவுக்கும் ரெண்டு கதவு இருக்குங்கிறதை மறந்துடுறோம். ஒண்ணு திறந்திருந்தா இன்னொண்ணை முழுசா விரிக்க முடியாது. தினமும் காலையில் ஆபீஸ் கிளம்புற நேரத்தில் இதே சண்டைதான்.

கதவைக் கிழக்கு மூலைக்குத் தள்ளுங்க. மூலையில் நாலு அங்குலம் விட்டு வாசக்கால், கீல் கிழக்குப் பக்கம், ரூமுக்குள்ளே திறக்கணும். திறந்த கதவு கிழக்குச் சுவரோடு போய் ஒட்டிக்கும். அதன் முனைக்கும் கட்டிலுக்கும் நடுவில் இன்னும் சுமார் இரண்டரை அடி இருக்கும், பீரோவை அது தொடாது. சுவிட்ச் போர்டு கீலுக்கு எதிர்ப்பக்கம், கைப்பிடி பக்கத்தில் வரணும். கீல் பக்கம் போட்டா, இருட்டில் உள்ளே வந்து கதவை மூடிட்டுத்தான் லைட்டைப் போட முடியும். எலக்ட்ரீஷியனுக்கு இது தெரியணும்னா பிளானில் வளைவு இருக்கணும்.

பாத்ரூம் கதவு உள்ளேயா வெளியேயா?

இதில்தான் உண்மையிலேயே யோசிக்கணும். பாத்ரூமுக்கு 2½ அடி வாசக்கால் போதும், பலகை 2¼ அடி வரும். உள்ளே திறந்தா நடை தடைபடாது. எதிர்ச்சுவரில் இருக்கிற வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கும் கதவுக்கும் நடுவில் அரை அடிதான் இடைவெளி, ஆனாலும் இடிக்காது. பிரச்சினை வேற. உள்ளே யாராவது வழுக்கி விழுந்து கதவை ஒட்டிக் கிடந்தா, வெளியே இருந்து தள்ளித் திறக்க முடியாது.

வெளியே திறந்தா அந்த பயம் இல்ல. ஆனா 3 அடி நடையில் கதவு குறுக்கே நிற்கும்போது மிஞ்சுறது 9 அங்குலம். சமையலறையில் இருந்து சூடான பாத்திரத்தோடு வர்றவங்களுக்கு அது ஆபத்து.

வீட்டில் வயசானவங்க இருந்தா, வெளியே திறக்கிறதுதான் என் தேர்வு. வாசக்காலைக் கிழக்கு ஓரமா வெச்சு, கீலை மேற்கே போட்டா, கதவு முழுசா திரும்பி நடைச் சுவரோடு படிஞ்சிடும். குறுக்கே நிற்கிறது சில நொடிதான். தாழ்ப்பாள், வெளியே இருந்தும் திறக்கக் கூடிய வகையா இருக்கட்டும். பெரியவங்க இல்லாத வீடுன்னா உள்ளே திறக்கலாம். ஸ்லைடிங் கதவுன்னா தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கதவு அகலத்துக்கு வெறும் சுவர் வேணும். இந்த பிளானில் அது இருக்கு, ஆனா சத்தமும் வாடையும் முழுசா அடைபடாது.

நடையில் இருந்து ஹாலுக்கும் சமையலறைக்கும் கதவே வேணாம், வெறும் திறப்பு போதும். முற்றத்துக்குப் போற சின்னக் கதவு முற்றத்துப் பக்கம் திறக்கட்டும்.

ஆடிக் காற்று கணக்கு

நெல்லையில் பிளான் போடுறவங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. ஜூனில் இருந்து செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியா கிழக்கே வேகமா வீசும். இந்த வீட்டில் பின்வாசல் மேற்கே, தலைவாசல் கிழக்கே, ரெண்டும் ஒரே நேர்க்கோட்டில். வெயில் காலத்தில் அது வரம். ஆடியில் ரெண்டையும் திறந்து வெச்சா பெட்ரூம் கதவு 'படார்'னு அடிக்கும். குழந்தை விரல் நசுங்குறது இப்படித்தான். அதனால் ஒவ்வொரு வளைவும் முடிகிற இடத்தில், கதவைப் பிடிச்சு நிறுத்துற ஸ்டாப்பருக்கு ஒரு புள்ளி வெச்சிடுங்க. தரையில் வைக்கிறதா சுவரில் வைக்கிறதான்னு டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே முடிவாகணும்.

தாளில் எந்த ரெண்டு வளைவும் ஒண்ணை ஒண்ணு வெட்டலைன்னா, வாசக்காலுக்கு ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை. அஸ்திவாரம் எழும்பி, தளம் நிரப்பியதும், சுண்ணாம்புப் பொடியில் சுவர்களைக் கோடு போடச் சொல்லுங்க. கீல் வர்ற இடத்தில் ஒருத்தர் கயிற்றைப் பிடிக்க, இன்னொருத்தர் பலகை அளவுக்குக் கயிற்றை நீட்டி வளைவைத் தரையில் வரையட்டும். கட்டில் அளவுக்கு ஒரு பாயை விரிச்சுப் போட்டு, நடையில் தண்ணிக் குடத்தோடு நடந்து பாருங்க. இடிச்சா, அன்னைக்கு மாத்த வேண்டியது சுண்ணாம்புக் கோடு மட்டும்தான்.