‘நேற்று நல்லாப் பேசினாளே’: எலி பேஸ்ட் நஞ்சும் தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினரிடம் பேசும் முறையும்

ஆய்வுச் சுருக்கம்

நோயாளியின் நிலை மோசமாகும்போது உறவினரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கான வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் ஒரே அமர்வில் கெட்ட செய்தியைச் சொல்வதை மையமாகக் கொண்டவை. தருமபுரி மாவட்டம் போன்ற வேளாண் பகுதிகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வரும் மஞ்சள் பாஸ்பரஸ் நஞ்சுக்கு இந்த அமைப்பு பொருந்தாது. நோயாளி நன்றாகத் தோன்றும் நாளிலேயே உரையாடல் தொடங்க வேண்டும் என்பதும், ‘நேற்று, இன்று, நாளை’ என்ற வரிசையே அதன் முதுகெலும்பாக அமைய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. சிக்கல்

உறவினர்களிடம் பேச மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்படும் முறைகளில் பரவலானது, பெய்ல், பக்மன் முதலியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஸ்பைக்ஸ்’ என்னும் ஆறு படி முறை. இடத்தை அமைத்துக்கொள்வது, கேட்பவருக்கு என்ன தெரியும் என்று அறிவது, எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, உணர்ச்சிக்கு இடம் தருவது, தொகுத்து அடுத்த திட்டத்தைச் சொல்வது என அது நகரும். புற்றுநோய் மருத்துவத்தில் பிறந்த முறை இது. சொல்பவர் ஒருவர், கேட்பவர் பெரும்பாலும் நோயாளியே, செய்தியும் ஏற்கெனவே உறுதியானது என்பவை அதன் எடுகோள்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இம்மூன்றும் மாறுகின்றன. முறைப்பணியில் மருத்துவர்கள் மாறுகிறார்கள். நோயாளியால் பேச இயலாதபோது குடும்பம் கேட்கிறது. செய்தியோ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறக்கூடியது. குடும்பமும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கணவர் ஆம்புலன்ஸிலேயே வருவார். சித்தேரி மலையிலிருந்து அம்மா மறுநாள் பேருந்தில் வருவார். முடிவெடுக்கும் தாய்மாமன் பெங்களூரில் கட்டட வேலையிலிருந்து மூன்றாம் நாள் வந்து சேர்வார். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குச் சொன்னதாக ஆகாது.

2. நஞ்சின் போக்கு

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் ஏற்படுத்தும் பாதிப்பு மூன்று கட்டங்களாகப் போகும். முதல் நாளில் வாந்தியும் வயிற்று வலியும் இருக்கும். பிறகு ஒன்றிரண்டு நாள் அவை அடங்கி, நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுவார், சாப்பாடு கேட்பார். அதற்குப் பிந்தைய நாள்களில் ஈரல் செயலிழக்கத் தொடங்கும்: கண் மஞ்சளாகும், இரத்தம் உறைவது தாமதப்படும், மூளை குழம்பி மயக்கம் வரும். எல்லோருக்கும் மூன்றாம் கட்டம் வருவதில்லை. வந்தவர்களிலும் ஒரு பகுதியினர் மீள்கிறார்கள். இந்த நஞ்சுக்கென்று முறிவு மருந்து கிடையாது. என்-அசெட்டைல் சிஸ்டீன், வைட்டமின் கே, சில மையங்களில் பிளாஸ்மா மாற்று சிகிச்சை, கடைசியாக ஈரல் மாற்று அறுவை சிகிச்சை ஆகியவையே வழிகள்.

இரண்டாம் கட்டத்தில் உரையாடல் இல்லையென்றால் அந்த இடத்தைக் குடும்பத்தின் சொந்த விளக்கம் நிரப்பும். பொண்ணு நல்லாப் பேசினாள், பிறகு ஏதோ ஊசி போட்டார்கள், அதன்பின் மயங்கினாள் என்பதே அவர்கள் கண்ணால் பார்த்த வரிசை. அந்த வரிசையிலிருந்து ஊசிதான் காரணம் என்ற முடிவுக்கு வருவதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. தகவல் குறைதான் இருக்கிறது. மூன்றாம் நாள் எவ்வளவு பரிவோடு பேசினாலும் அது பின்னால் சொன்ன சமாதானமாகவே கேட்கும். அதையே முதல் நாள் சொல்லியிருந்தால், மோசமாவது மருத்துவர் முன்கூட்டியே சொன்ன ஒன்று நடப்பதாக இருக்கும். நம்பிக்கை உடைவதும் நிலைப்பதும் இந்த இடத்தில்தான்.

3. ஒரு மாதிரி உரையாடல்

பல நோயாளிகளின் போக்கைச் சேர்த்து அமைத்த மாதிரி இது. இருபத்திரண்டு வயதுப் பெண், வீட்டில் ஏற்பட்ட சண்டைக்குப் பிறகு எலி பேஸ்ட் சாப்பிட்ட அன்றிரவே மருத்துவமனைக்கு வருகிறார். உறைதலைக் காட்டும் ஐ.என்.ஆர். முதல் நாள் 1.1, இயல்பு நிலைதான். வாந்தி நின்றிருக்கிறது. உடன் இருப்பவர் கணவர்.

முதல் நாள் பேச்சு இப்படி அமையலாம்: “உட்காருங்க. நான் ஐ.சி.யூ. டாக்டர். இவங்க நம்ம சிஸ்டர், இவங்களும் கூட இருக்கட்டும். உங்க வீட்டம்மா இப்ப நல்லாப் பேசுறாங்க, வாந்தியும் நின்னுடுச்சு. ஆனா இதை வச்சு ஆபத்து போயிடுச்சுன்னு நாங்க சொல்ல மாட்டோம். இந்த மருந்து உடனே வேலையைக் காட்டாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் ஈரலைத் தாக்கும். தாக்காமலும் போகலாம். தினமும் ரத்தம் எடுத்து, உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்ப்போம். அந்த நேரம் கூடிக்கிட்டே போனா ஈரல் கெடுதுன்னு அர்த்தம். நாளைக்குச் சாயங்காலம் அந்த ரிசல்ட்டோட நானே வந்து பேசுறேன்.”

இதில் எச்சரிக்கையோடு ஓர் அளவுகோலும் குடும்பத்தின் கைக்குப் போகிறது. மறுநாள் “எப்படி இருக்கா?” என்று பொதுவாகக் கேட்காமல் “ரத்தம் உறையுற டெஸ்ட் என்ன சார் ஆச்சு?” என்று கேட்பார்கள். கேள்வி அப்படி மாறியிருந்தால் முதல் உரையாடல் பலித்தது என்று கொள்ளலாம்.

காவல்துறைக்குத் தகவல் போவதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். நஞ்சு நோயாளியை மருத்துவ-சட்ட வழக்காகப் பதிவு செய்வது மருத்துவமனையின் கடமை. பொண்ணு மேல் கேஸ் வரும் என்ற அச்சத்தில் எதைச் சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்பதையே சில குடும்பங்கள் மறைக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. “போலீஸுக்குச் சொல்றது எங்க விதி. உயிருக்குப் போராடுறவங்களைத் தண்டிக்க இல்ல. எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்கன்னு சரியாச் சொன்னாத்தான் வைத்தியத்துக்கு உதவும்” என்பது போதும். வீட்டில் என்ன சண்டை என்று மருத்துவர் துருவத் தேவையில்லை.

இரண்டாம் நாள் ஐ.என்.ஆர். 1.4. நோயாளி இன்னும் தெளிவாக இருக்கிறார். மேல்சிகிச்சை பற்றிய பேச்சு வர வேண்டிய நாள் இது. தருமபுரியிலிருந்து சேலம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர்; பெங்களூரு அதைப்போல் இரு மடங்கு. தெளிவாக இருக்கும் நோயாளிக்கு இது சாதாரணப் பயணம். மயக்கத்தில் இருப்பவருக்கோ மூச்சுக்குழாயில் டியூப் வைத்து, வென்டிலேட்டரோடு, இரத்தக்கசிவு அபாயத்தோடு செய்யும் பயணம். பிளாஸ்மா மாற்று சிகிச்சையும் மயக்கம் ஆழமாகும் முன் தொடங்கினால்தான் பயனுக்கு இடம் அதிகம். “வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?” என்று நான்காம் நாள் குடும்பம் கேட்கும் வரை காத்திருந்தால், கேள்வி வரும்போது அதற்கான காலம் கடந்திருக்கும். அதனால் மருத்துவரே முந்திக்கொள்ள வேண்டும்: “நாளைக்கு இது இன்னும் கூடினா, பெரிய சென்டருக்கு அனுப்பலாமான்னு முடிவெடுக்கணும். அங்க என்ன செய்வாங்க, செலவு என்ன, காப்பீட்டுல எது வரும்னு இன்னைக்கே பேசிடலாம். முடிவெடுக்குறவங்க யாரோ அவங்களையும் வரச் சொல்லுங்க.”

மூன்றாம் நாள் ஐ.என்.ஆர். 2.8. கண் மஞ்சள். கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்கிறார். தாயும் தாய்மாமனும் வந்திருக்கிறார்கள். “நீங்க இதுவரைக்கும் கேட்டதைச் சொல்லுங்க, விட்டுப்போனதை நான் சொல்றேன்” என்று தொடங்குவது நல்லது. யாருக்கு எது போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு: “முந்தாநாள் ரத்தம் சரியா இருந்தது. நேத்து கொஞ்சம் கூடுச்சு. இன்னைக்கு நேத்தைவிட ரெண்டு பங்கு. பேச்சும் தடுமாறுது. ஈரல் வேகமாக் கெட்டுக்கிட்டு இருக்கு. பொண்ணு இறந்துபோற ஆபத்து இருக்குங்கம்மா. பிழைக்கவும் வாய்ப்பு இருக்கு. ரெண்டையும் மறைக்காம சொல்றேன்.” இங்கே நிறுத்த வேண்டும். அடுத்துப் பேச வேண்டியவர்கள் குடும்பத்தினர். மௌனம் நீண்டாலும் புள்ளிவிவரத்தால் அதை மூடக் கூடாது.

கேட்பதற்கு விடும் நேரத்தின் பயனுக்குச் சான்று உண்டு. பிரான்சில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் லோத்ரெத் முதலியோர் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், கட்டமைத்த உரையாடலில் குடும்பத்தினர் பேசிய நேரம் 14 நிமிடம். வழக்கமான உரையாடலில் 5 நிமிடம். மூன்று மாதம் கழித்து, முதல் வகைக் குடும்பங்களில் 45 விழுக்காட்டினரிடமும் இரண்டாம் வகையில் 69 விழுக்காட்டினரிடமும் மனவடு அறிகுறிகள் காணப்பட்டன. அந்த உரையாடலோடு ஒரு கையேடும் தரப்பட்டதால் முழுப் பயனையும் பேச்சின் கணக்கில் வைக்க முடியாது. அங்கே நோயாளிகள் இறக்கும் தறுவாயில் இருந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

4. ஒரு மறுப்பு

இவ்வளவு வெளிப்படையாகப் பேசினால் குடும்பம் நோயாளியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பது நம் மருத்துவர்கள் சொல்லும் வலுவான மறுப்பு. அந்த அச்சம் பொய்யல்ல. கடன் ஏறுகிறது, உயிர் வீட்டில் பிரியட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நடக்கிறது. மீளும் வாய்ப்புள்ள நஞ்சில் அப்படிப் போவது ஒரு உயிரைக் கைவிடுவதாகலாம்.

ஆனால் குடும்பத்தை வீட்டுக்கு அனுப்புவது உண்மையா, உண்மையைப் பாதி சொல்வதா என்று பார்க்க வேண்டும். ‘இறக்கலாம்’ என்பது ஒரு செய்தி. ‘இனி செய்ய ஒன்றுமில்லை’ என்பது வேறு செய்தி. “ரொம்ப சீரியஸ், நம்ம கையில ஒண்ணும் இல்ல” என்ற வழக்கமான பேச்சு முதலாவதைச் சொல்வதாக நினைத்து இரண்டாவதைச் சொல்லிவிடுகிறது. ஆகவே மூன்றாம் நாள் உரையில் இன்னொரு பகுதி கட்டாயம்: “அடுத்த ரெண்டு மூணு நாள்தான் முக்கியம். அதைத் தாண்டி ரத்தம் உறையுற நேரம் இறங்க ஆரம்பிச்சா, ஈரல் தேறுதுன்னு அர்த்தம். இப்ப வீட்டுக்குப் போனா அந்த வாய்ப்பு போயிடும். அப்படி ஒரு நிலைமை வந்து, செய்ய ஒண்ணுமில்லன்னா அதையும் நானே சொல்வேன்.” தங்குவதற்கான காரணத்தையும் அதன் கால எல்லையையும் சேர்த்துச் சொன்னால்தான் குடும்பம் தங்கும்.

ஐந்தாம் நாள் மயக்கம் ஆழமாகி, கருவிழிகள் வெளிச்சத்துக்குச் சுருங்காத நிலை வந்தால் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். உயிர்காக்கும் கருவிகளை விலக்குவது பற்றி 2018இல் உச்ச நீதிமன்றம் வகுத்து, 2023 ஜனவரியில் எளிமையாக்கிய நெறிமுறை உண்டு. இரு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் அதற்குத் தேவை. வீட்டுக்குக் கொண்டுபோக முடிவு செய்யும் குடும்பத்திடம், நஞ்சு வழக்கில் வீட்டில் இறந்தாலும் பிரேதப் பரிசோதனை உண்டு என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். சடங்குக்கு நடுவில் காவலர் வந்து நிற்பதைவிட அது மேல்.

5. நடைமுறை வரம்பு

இந்த உரையைத் தொடங்கியவரே முடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இரவுப் பணியில் இருக்கும் முதுநிலை மாணவர், பகலில் சொன்னதற்கு மாறாக “பரவாயில்லை” என்று ஒரு சொல் சொன்னாலே வரிசை உடைந்துவிடும். ஆகவே நோயாளிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு உரையாடலுக்கும் மூன்று வரி வேண்டும்: யாரிடம் சொன்னது, எந்தச் சொற்களில் சொன்னது, நாளை எதைப் பார்ப்பதாகச் சொன்னது. செவிலியர் உடனிருப்பதற்கும் இதுவே காரணம். மருத்துவர் நகர்ந்ததும் “டாக்டர் என்னம்மா சொன்னாரு?” என்ற கேள்வி அவரிடம்தான் வரும்.

எல்லா நோய்க்கும் இந்த உரையை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. திடீர் மாரடைப்பில் ‘நேற்று’ என்பதே கிடையாது. போக்கை ஓரளவு முன்னறிய முடிகிற, இடையில் ஒரு பொய்யான நலம் தோன்றுகிற நோய்களுக்கே இது பொருந்தும். அங்கே உரையாடலின் தரத்தை மூன்றாம் நாள் பேச்சின் நயத்தைக் கொண்டு அளப்பதைவிட, முதல் நாள் குறிப்பேட்டில் அந்த மூன்று வரி இருக்கிறதா என்று பார்ப்பது சரியான தணிக்கையாக இருக்கும்.