அறுவடைக்கு முன்னர் ஓர் அடிவிலை: இந்தியாவில் விற்பனை உரிமையின் வரலாறு

விதைத்த நாளில் நிலவும் விலைக்கும் அறுத்த நாளில் கிடைக்கும் விலைக்கும் இடையிலுள்ள நான்கு மாத காலத்தில், மழையையும் பூச்சியையும் போலவே விலையும் விவசாயியின் வசத்தில் இல்லாத ஒரு வஸ்துவாக இருந்து வருகிறது. மழைக்கும் பூச்சிக்கும் காப்புறுதி உண்டு. விலைக்கும் அதைப் போன்ற ஒரு காப்பை விலைகொடுத்து வாங்கலாம் என்பதும், அதற்கு ‘புட் ஆப்ஷன்’ என்று பெயர் என்பதும், நம் நாட்டில் சட்டத்தின் அனுமதியோடு சொல்லத்தக்க செய்தியாகி இன்னும் பல ஆண்டுகள் ஆகிவிடவில்லை. இந்த ஏற்பாடு இங்கே வேரூன்றாமைக்குக் காரணம் விவசாயிக்கு அது விளங்காமையே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வரலாற்றைப் பார்க்குமிடத்து அந்த அபிப்பிராயம் நிற்பதாகத் தோன்றவில்லை. வாங்குபவன் காலூன்றுவதற்கு முன்னரே அவன் நிற்கவேண்டிய நிலம் இருமுறை அகற்றப்பட்டது என்பதே என் துணிபு.

முதல் அகற்றல் பழையது. 1875இல் பம்பாய் பருத்தி வணிகச் சங்கம் தோன்றியது முதல் அந்நகரத்தில் வாயிதா வியாபாரம் ஒழுங்குபெற்று வளர்ந்தது. அதன் பக்கத்திலேயே ‘தேஜி’, ‘மந்தி’ என்ற இருவகைப் பேரங்களும் வளர்ந்தன. தேஜி வாங்கியவனுக்குக் குறித்த விலையில் சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு, கடமை இல்லை; மந்தி வாங்கியவனுக்கு அவ்வாறே விற்கும் உரிமை உண்டு, கடமை இல்லை. இந்த மந்தியே இன்றைய புட். ஆனால் அதைப் பெரும்பாலும் வாங்கியும் விற்றும் வந்தவர்கள் பருத்தியைக் கண்ணால் காணாத தரகர்களாகவும் யூக வணிகர்களாகவும் இருந்தமையால், அதைச் சூதின் ஒரு ரூபமாகவே சட்டமியற்றுவோர் மதித்தனர். 1939இல் பருத்தியில் இப்பேரங்களைத் தடைசெய்து பம்பாய் மாகாணம் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. சுதந்திரத்திற்குப் பின்னர், 1952ஆம் ஆண்டின் முன்பேர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம், முன்பேர வணிகத்துக்கு நிபந்தனைகளோடு இடம் கொடுத்துவிட்டு, ஆப்ஷன்களை மட்டும் நாடு முழுவதற்கும் எல்லாச் சரக்குகளுக்கும் ஒரேயடியாக விலக்கி வைத்தது. அமெரிக்காவிலும் கதை ஏறத்தாழ இதுவே. 1936இல் அந்நாட்டுச் சட்டம் விளைபொருள் ஆப்ஷன்களைத் தடுத்தது; ஆனால் 1982இல் அத்தடை நீக்கப்பட்டு 1984இல் சிகாகோவில் சோயா உரிமைகள் மீண்டும் விலைபோகத் தொடங்கின. நாமோ மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம்.

தடையின் உள்ளே ஒரு விபரீதம் உண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முன்பேர வணிகம் அனுமதிக்கப்பட்ட காலங்களில் விவசாயி தன் விளைச்சலை முன்கூட்டியே விற்றுவிடச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் அவனுக்கு அதிகம் பொருந்தக்கூடிய, அபாயம் குறைந்த பேரமோ குற்றமாக இருந்தது. ஏன் அபாயம் குறைந்தது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவது நலம்.

உதாரணத்திற்குக் கொத்தவரை விதையை எடுத்துக்கொள்கிறேன். சென்னை வீடுகளில் பொரியலாகும் கொத்தவரங்காயின் விதைதான் இது. ராஜஸ்தானத்தின் வறண்ட நிலங்களில் ஜூலையில் விதைத்து அக்டோபர், நவம்பரில் அறுக்கப்படும் இவ்விதையின் பிசின், பூமியைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வேண்டியிருந்தமையால், விலை ஏறிய வேகத்தைத் தாளமாட்டாமல் 2012 மார்ச்சில் இதன் முன்பேர வணிகமே நிறுத்தப்பட்டு 2013 மே மாதத்தில்தான் திரும்பத் திறக்கப்பட்டது. விலை இவ்வாறு ஆடும் பயிருக்கே அடிவிலை தேவை. பின்வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் கற்பித்துக்கொண்டவை. ஜூலையில், அக்டோபர் முன்பேர விலை குவிண்டாலுக்கு 4,200 ரூபாய் என்றும், ஒரு விவசாயிகள் குழு 100 குவிண்டால், அதாவது 10 டன் விளைச்சலை எதிர்பார்க்கிறது என்றும் கொள்வோம். 4,000 ரூபாய்க்கு விற்கும் உரிமையை அக்குழு குவிண்டாலுக்கு 150 ரூபாய் பிரீமியம் செலுத்தி வாங்குகிறது. மொத்தச் செலவு 15,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு காசும் அதனிடமிருந்து கேட்கப்படமாட்டாது.

அக்டோபரில் விலை 3,400க்கு இறங்கிவிட்டால், உரிமையின் மதிப்பு 600 ரூபாயாகிறது. சந்தையில் கிடைக்கும் 3,400உடன் 600ஐச் சேர்த்துப் பிரீமியமாகிய 150ஐக் கழித்தால் 3,850 நிற்கிறது. விலை 3,000 ஆனாலும், 2,500 ஆனாலும் இந்த 3,850 மாறாது, அதுவே அடிவிலை. மாறாக விலை 5,000க்கு ஏறினால், உரிமையை மறந்துவிட்டுச் சரக்கைச் சந்தையில் விற்றுக் குழு 4,850 பெறுகிறது. இதே குழு ஜூலையில் 4,200க்கு முன்பேரம் விற்றிருந்தால், விலை ஏறிய ஒவ்வொரு நாளும் நஷ்டத்துக்கு ஈடான பணத்தை உடனுக்குடன் கட்டவேண்டியிருக்கும். 5,000 ஆகும்போது அத்தொகை 80,000 ரூபாயாக நிற்கும். சரக்கோ இன்னும் வயலில் நிற்கிறது. நல்ல விலையே கடனாளியாக்கும் அந்நிலையைச் சிறு விவசாயி எவனும் தாங்கமாட்டான். மேலும், மழை பொய்த்து 50 குவிண்டாலே விளைந்தாலும் புட் வாங்கியவனுக்கு அதனால் புதிய நஷ்டம் இல்லை; முன்பேரம் விற்றவனோ இல்லாத சரக்குக்கும் விலை ஏற்றத்தைச் சுமக்கவேண்டும்.

இக்கணக்கில் மறைந்து கிடக்கும் ஒரு பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். 3,850 என்ற அடிவிலை, குறித்த கிடங்கில் குறித்த தரத்தில் சரக்கு என்ன விலைபெறுகிறதோ அதைப் பொறுத்தது. ஊர் மண்டியில் அதைவிட 250 ரூபாய் குறைவாகக் கேட்கப்பட்டால் உண்மையான அடிவிலை 3,600தான். ஆகவே புட் வாங்க நினைக்கும் குழு முதலில் செய்யவேண்டியது, தன் மண்டி விலையையும் எக்ஸ்சேஞ்ச் விலையையும் சில பருவங்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கவில்லையென்றால் அந்த உரிமை எவ்வளவு மலிவாயினும் பிரயோஜனமில்லை. பட்டினப்பாக்கம் கடற்கரையில் கட்டுமரமும் படகும் கரைசேர்ந்த சிறிது நேரத்திற்குள் ஏலம் போய்விடும் மீனுக்கு இத்தகைய உரிமை ஒன்றை யாரும் ஏன் எழுதித் தருவதில்லை என்பதும் இதனால் விளங்கும். கிடங்கில் தங்காத, ஒரே தரமென்று சொல்லமுடியாத, கரைக்குக் கரை விலை மாறும் சரக்குக்கு எல்லோரும் ஒப்பும் ஒரு பொது விலை ஏது?

திறப்பு மெதுவாகவே வந்தது. பொருள் சந்தைகளின் மேற்பார்வை 2015 செப்டம்பரில் அதுவரை அவற்றைக் கவனித்துவந்த கமிஷனிடமிருந்து செபியின் கைக்கு மாறியது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றது. 2017 ஜூனில் ஆப்ஷன்களுக்கான விதிகள் வெளியாயின. அவ்வாண்டு அக்டோபரில் முதலில் வந்தது தங்கம். விளைபொருள்களில் முதலாவதாக, 2018 ஜனவரி 14ஆம் நாள், நம்மவர் பொங்கல் வைத்த அதே நாளில், என்.சி.டி.இ.எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் கொத்தவரை விதையின் ஆப்ஷன் அறிமுகம் செய்யப்பட்டது.

வந்த உருவம் சற்றுச் சுற்றுவழியானது. அது சரக்கின்மீது நேராக நிற்கும் உரிமையன்று. முன்பேர ஒப்பந்தத்தின்மீது நிற்கும் உரிமை. காலம் முடியும் நாளில் இலாபத்தில் இருக்கும் புட், பணமாகக் கைக்கு வராமல், முன்பேரத்தில் விற்றவன் என்ற ஸ்தானமாக மாறும். அந்த ஸ்தானத்துக்கு வைப்புப் பணம் கட்டவேண்டும், பின்னர் சரக்கைக் கிடங்கில் ஒப்படைக்கவோ, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவோ வேண்டும். மேலே கணக்கில் ஒரே வரியில் முடிந்த காரியம் நடைமுறையில் இரண்டு படியாயிற்று. விவரமறிந்த குழுக்கள் முடிவு நாளுக்கு முன்னரே உரிமையை விற்றுவிட்டுச் சரக்கைத் தம் மண்டியிலேயே தந்தன. ஆனால் அதற்கு எதிரே வாங்குவோர் இருக்கவேண்டும். எழுதித் தருவோர் சிலரேயாயின் பிரீமியம் உயரும். விதைப்புக் காலத்தில் அறுவடை மாதத்துக்கான உரிமை விலையே கூறப்படாமலும் போகும். பிரீமியத்தின் சுமையைக் குறைக்க ஒரு வழி பிறந்தது: விவசாயப் பொருள் வணிகத்தின்மீது எக்ஸ்சேஞ்சுகள் தனக்குச் செலுத்தவேண்டிய கட்டணத்தைச் செபி 2019இல் பெரிதும் குறைத்து, மிச்சப்படும் தொகையை விவசாயிகளின் நன்மைக்கே செலவிட வேண்டுமென்று நிபந்தனை விதித்தது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கட்டும் பிரீமியத்துக்கு அந்நிதி உதவியாயிற்று.

இவ்விடத்தில் ஒரு கிளைச் செய்தி. பிரீமியமே இல்லாத ஒரு புட்டை இந்திய அரசு நெடுங்காலமாக எழுதித் தந்துகொண்டிருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலை என்பது சாராம்சத்தில் அதுவே. தஞ்சை விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல்லைக் கொட்டும்போது அந்த உரிமையைத்தான் பயன்படுத்துகிறான். அதற்கும் தர நிபந்தனை உண்டு: ஈரப்பதம் நூற்றுக்கு 17 பங்கைத் தாண்டக்கூடாது; அறுவடை மழையில் நனைந்தால் தளர்வு வேண்டிச் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போகவேண்டும். ஆனால் இந்த இலவச உரிமை நெல்லுக்கும் கோதுமைக்கும் கொள்முதல் நடக்கும் இடங்களில் மட்டுமே முழுமையாகச் செல்லுபடியாகிறது. மற்றப் பயிர்களுக்கு விலை அறிவிப்பு உண்டு. வாங்கும் கை எப்போதும் உண்டென்று சொல்வதற்கில்லை. புட்டுக்கு வேலை அங்கேதான் இருந்தது.

இரண்டாவது அகற்றல் அங்கேயே நேர்ந்தது. 2021இல் உணவுப் பொருள்களின் விலையேற்றம் அரசைக் கவலைகொள்ளச் செய்தது. ஆகஸ்ட் 16ஆம் நாள் கொண்டைக்கடலையிலும், அக்டோபர் 8ஆம் நாள் கடுகிலும் புதிய ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. டிசம்பரில் பாஸ்மதி அல்லாத நெல், கோதுமை, சோயா, பாசிப்பயறு, கச்சா பாமாயில் ஆகியவையும் சேர்ந்து தடைப் பட்டியல் ஏழாயிற்று. ஓராண்டுக்கென்று வந்த உத்தரவு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. ஆப்ஷன் நிற்பது முன்பேர ஒப்பந்தத்தின்மீது என்று முன்னர்ச் சொன்னேன். கீழ்த்தளம் போனால் மேல்தளம் தனியே நிற்காது. விலை மிகுதியாக ஏறுவதைத் தடுக்க வந்த உத்தரவு, விலை இறங்கும்போது விவசாயியைத் தாங்கும் ஏற்பாட்டையும் உடன்கொண்டு போயிற்று. ஏற்கெனவே பேரத்தில் இருந்தவர்களுக்கு அதிலிருந்து வெளியேறும் வழி மட்டுமே விடப்பட்டது.

கடுகின் தேதியை மறுபடி பார்க்க வேண்டும். அக்டோபர் 8 என்பது ராஜஸ்தானத்தில் கடுகு விதைப்பின் காலம். பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கப்போகும் பயிருக்கு அடிவிலை வாங்கவேண்டிய வாரங்கள் அவை. 2022 அறுவடையில் விலை ஆதரவு விலைக்கு மேலேயே நின்றமையால் இழப்பு எவர் கண்ணிலும் படவில்லை. அடுத்த பருவத்தில் நிலைமை தலைகீழாயிற்று. ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,450 ரூபாயாக இருக்க, 2023 அறுவடைக் காலத்தில் கடுகின் மண்டி விலை அதற்குக் கீழே இறங்கியது. அரசு நிறுவனங்கள் கொள்முதலுக்கு இறங்கின. கொள்முதல் எட்டாத இடங்களில் விவசாயிகள் கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். முந்திய அக்டோபரில் பிரீமியம் கட்ட ஆயத்தமாயிருந்த குழு ஏதேனும் இருந்திருந்தால், அதற்கு விற்கக் கடுகில் ஓர் ஒப்பந்தமும் சந்தையில் இருக்கவில்லை.